காற்று தின்ற ஓர் எழுத்து

(தோட்ட வீட்டுத்தோட்டக் குழுவினரின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது போனில் வீடியோ எடுப்பதைப் பற்றி. கலியாண வீட்டு வீடியோவைச் சொல்லவில்லை. நம்மில் ஒருவர் தனக்குத் தெரிந்த விவசாய வேலையை அயலவருக்குக் காட்டிக் கொடுக்க எடுக்கிறாரே, அந்த வீடியோவைச் சொல்கிறேன். அதைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது தோட்டத்திலேயே ஒரு வீடியோவால் ஒரு குடும்பத்தின் லீக்ஸ் பாத்தி அழுகிப் போனது. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கீழ் லயத்து அண்ணன் ஒருவரை உங்களுக்கெல்லாம் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் அவர் போடும் லீக்ஸ், சந்தைக்குப் போனால் முதலில் விலைப்படும். தண்டின் வெள்ளைப் பகுதி ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருக்கும். எப்படி அண்ணே என்று பலரும் கேட்கவே, தன் மகளிடம் போனைக் கொடுத்து, நாற்று நடுவதை ஒரு வீடியோவாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்பது நிமிட வீடியோ. நல்ல மனதோடு செய்த காரியம்.

அவருடைய முறை இதுதான். பென்சில் பருமன் வந்த நாற்றைப் பிடுங்கி, வேரை ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிக்க வேண்டும். இலை நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும். கம்பால் ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி குத்தி, நாற்றை உள்ளே இறக்கி, குழிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரோடு கொஞ்சம் மண் கரைந்து வேரை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். குழியை மூடக் கூடாது. மழையும் களை வெட்டும் சேர்ந்து நாளடைவில் குழியை நிரப்பும். அதற்குள் நாற்று மேலே வந்துவிடும், தண்டு பருக்க இடமும் இருக்கும், மண்ணுக்குள் இருக்கும் பகுதி வெளுத்தும் வரும்.

அந்த வீடியோவைப் பார்த்து மேல் லயத்து அக்கா ஒருவர் இருநூறு நாற்று நட்டார். நட்டு, ஒவ்வொரு குழியையும் மண் போட்டு, கையால் அழுத்தி மூடினார். குட்டை நாற்றுகள், நுனியும் வெட்டிய நாற்றுகள். குருத்து மண்ணுக்குள் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் பாதிக்கு மேல் அழுகியது. அக்கா என்னிடம் வந்து, "ஐயா, அண்ணன் சொன்னதத்தான் நான் செஞ்சேன். குழியை மூடுங்கன்னு அவரு வாயாலதான் சொன்னாரு" என்றார். அண்ணனைக் கேட்டால், "நான் மூடாதீங்கன்னு சொன்னேன், சாமி சத்தியமா சொன்னேன்" என்கிறார். இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நின்று போகும் நிலை வந்துவிட்டது.

மூன்று பேருமாக உட்கார்ந்து, இயர்போன் போட்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அண்ணன் "மூடாதீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் ஒரு காற்று அடித்திருக்கிறது. "மூ" கேட்கிறது, பிறகு புர்ர் என்று ஓர் இரைச்சல், கடைசியில் "ங்க" கேட்கிறது. நடுவில் இருந்த "டாதீ" போய்விட்டது. கேட்கிறவர் காதுக்கு அது "மூடுங்க" தான். நமது பாஷையில் செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் வித்தியாசம் ஓரிரு எழுத்தில் நிற்கிறது. அந்த எழுத்தைக் காற்று தின்றால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது.

சரி, படத்தைப் பார்த்தாவது அக்கா தெரிந்துகொண்டிருக்கலாமே என்று நினைத்தேன். படத்தையும் பார்த்தோம். குழி குத்தும் நேரத்தில் மகள் மேல் பாத்தியில் நின்று எடுத்திருக்கிறாள். தெரிவது அண்ணனின் தலைத் துண்டும் முதுகும். கை தெரியவில்லை, குழி தெரியவில்லை. குழியைக் காட்ட அவள் நடந்து கீழே இறங்குகிறாள், படம் ஆட்டம் போடுகிறது. நின்று நிதானமாகக் காட்டுவதற்குள் அண்ணன் அடுத்த குழிக்குப் போய்விட்டார். ஆகவே காதும் உதவவில்லை, கண்ணும் உதவவில்லை. இந்த இரண்டையும் சரி செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் சத்தம். பலரும் காற்றின் இரைச்சலை வெளிச் சத்தம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. போனின் விளிம்பில் ஊசித்துளை போல ஒரு சிறு துளை இருக்கிறது. அதற்குள்தான் மைக் இருக்கிறது. காற்று அந்தத் துளையிலேயே நேராக மோதுவதால் வருவதுதான் அந்தப் புர்ர் சத்தம். அதனால்தான் எடுக்கும்போது நம் காதுக்கு அது கேட்பதில்லை, பிறகு போட்டுப் பார்க்கும்போதுதான் கேட்கிறது. உரத்துக் கத்துவதாலும் பெரிய பயன் இல்லை. காற்று துளையில் படாமல் செய்வதே வழி.

உங்கள் போனில் மைக் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சார்ஜ் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும். சில போன்களில் மேல் விளிம்பிலோ கமராவுக்குப் பக்கத்திலோ இன்னொன்றும் இருக்கும். வீடியோவை ஓட விட்டு, ஒவ்வொரு துளையின் மேலும் விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்கும்போது எந்த இடத்தில் கரகரவென்று பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் மைக். போனைக் குறுக்காகப் பிடிக்கும்போது உங்கள் விரல் அந்தத் துளையை மூடுகிறதா என்றும் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் படம் எடுக்கிறோம்.

பிறகு காற்றைத் தடுக்க வேண்டும். பழைய மெத்தையிலிருந்து அரை அங்குலத் தடிப்பில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் வெட்டி, மைக் துளையின் மேல் இறப்பர் பட்டியால் கட்டிக்கொள்ளலாம். கம்பளித் துணித் துண்டும் ஆகும். கமராக் கண்ணை மறைத்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய உதவி இடத்தைத் தெரிவு செய்வது. லயச் சுவரின் மறைவில், அல்லது பாத்தி மேட்டின் மறைவில் நின்றால் பாதிக் காற்று குறையும். இல்லாவிட்டால் இரண்டு கம்பு நட்டு உரச்சாக்கைக் கட்டி மறைப்பு வைக்கலாம். ஒருவர் குடையை விரித்துக் காற்று வரும் பக்கம் பிடித்தாலும் போதும். ஆடி மாதக் காற்றில் இவை எல்லாம் சேர்ந்தாலும் சில நாள் முடியாது. அன்றைக்கு எடுக்காமல் விடுவதுதான் நல்லது. நமது பக்கத்தில் தை, மாசி மாதங்களின் காலை வேளை இதற்குத் தோதான நேரம்.

அடுத்தது தூரம். பேசுபவர் போனிலிருந்து ஒரு மீற்றரில் நிற்கிறார் என்று வையுங்கள். இரண்டு மீற்றருக்குப் போனால் போனுக்கு எட்டும் அவர் குரலின் பலம் பாதியாகிவிடும். நான்கு மீற்றருக்குப் போனால் காற்பங்கு. ஆனால் ஆற்றுச் சத்தமும், கொழுந்து லொறியின் சத்தமும், கோவில் ஒலிபெருக்கியும் குறையாது. அவை இருந்தபடியே இருக்கும். அதனால் தூரத்தில் பேசுபவரின் குரல் அவற்றுக்குள் மூழ்கிப் போகும். முகம் காட்டிப் பேசும்போது ஒரு மீற்றருக்குள் நில்லுங்கள். அதாவது பேசுபவர் கையை நீட்டினால் ஏறக்குறைய போனைத் தொட வேண்டும்.

இனி நான் சொல்வது எங்களுக்கு மிகவும் கைகொடுத்த வழி. வேலை செய்யும் கையைக் காட்டும் இடங்களில் அங்கேயே நின்று பேச வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. படத்தை வெளியில் எடுங்கள், பேச்சை வீட்டுக்குள் பதியுங்கள். கை மட்டும் தெரிகிற படத்தில் உதடு அசைவது தெரியாது, ஆகவே பேச்சு பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீடியோ வெட்டி ஒட்டும் செயலிகளில் வெளிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, இந்தப் பேச்சைச் சேர்க்க இடம் இருக்கிறது. நமது பிள்ளைகளுக்கு அது கால் மணி நேர வேலை.

ஆனால் லயக் காம்பராவில் பேசினால் வெறும் சுவரில் பட்டு எதிரொலி வரும். அதற்கு ஒரு கம்பளியைத் தலைக்கு மேல் கூடாரம் போலப் போர்த்திக்கொண்டு பேசுங்கள், எதிரொலி அடங்கிவிடும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் போனை வையுங்கள். நேராக வைத்தால் "ப" என்று சொல்லும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதி டப் டப் என்று கேட்கும். மழை நேரத்தில் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் எந்தக் கம்பளியும் காப்பாற்றாது.

எதை எடுப்பதற்கு முன்னாலும் பத்து விநாடி எடுத்து, இயர்போனில் கேட்டுப் பாருங்கள். போனின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் அந்தப் புர்ர் சத்தம் சரியாகத் தெரியாது. இயர்போனில் தெரிந்துவிடும். இந்தப் பத்து விநாடியைச் செலவழித்திருந்தால் அக்காவின் நாற்று பிழைத்திருக்கும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். படம் ஆடாமல் இருக்க வேண்டுமானால் போன் கையில் இருக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கும் முக்காலி வேண்டும் என்றில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் கவட்டைக் கம்பு எவ்வளவோ கிடக்கிறது. நல்ல பருமனான கவட்டைக் கம்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சீவி, பாத்தி ஓரத்தில் அடித்து இறக்குங்கள். குந்தி இருந்து வேலை செய்பவரைக் காட்ட, நிலத்துக்கு மேல் இரண்டடி உயரம் போதும். கவட்டையில் போனைக் குறுக்காக வைத்து, பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய பட்டியால் கட்டுங்கள். அடியில் ஒரு கல்லை அணைத்து வையுங்கள். கம்பு உயரமாக இருந்தால் காற்றுக்கு ஆடும், ஆகவே குட்டையாகவே இருக்கட்டும். போன் ஏன் குறுக்காக இருக்க வேண்டும் என்றால், பிறகு வாசிகசாலை ரிவியில் போடும்போது திரை முழுவதும் தெரியும் என்பதால்தான்.

கையில்தான் பிடிக்க வேண்டிய இடம் வந்தால் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முதுகை மரத்திலோ சுவரிலோ சாய்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டே நடக்க வேண்டாம். கிட்டக் காட்ட வேண்டுமானால் நிறுத்திவிட்டுக் கிட்டப் போய் மறுபடி எடுங்கள். விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு குறையும், ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகும்.

ஒவ்வொரு துண்டும் பத்து விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பொத்தானை அழுத்தியதும் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மூன்று வரை எண்ணி நிறுத்துங்கள். பொத்தானைத் தொடும்போது வரும் ஆட்டத்தை வெட்டி எறிய அந்த இடைவெளி உதவும். தொடங்கும் முன் போனில் Airplane mode போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல நேரத்தில் யாராவது அழைப்பார்கள், எடுப்பது தடைப்படும். கமராக் கண்ணையும் துடைக்க வேண்டும். நமது பக்கத்துப் பனிமூட்டத்தில் அது அடிக்கடி நீர்பூத்துப் போகும், திரையில் படம் மங்கலாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மற்றபடி மூட்டம் நமக்கு எதிரியல்ல. உச்சி வெயிலில் கையின் நிழல் குழியை மறைக்கும். மூட்டமான காலையில் நிழலே விழாது, குழியின் அடிவரை தெரியும்.

எங்கே நின்று எடுப்பது என்பதற்கு ஓர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவில், இன்றைய தெலங்கானா மாநிலத்தில், சாகிராபாத்துக்குப் பக்கத்தில் பஸ்தாபூர் என்று ஒரு கிராமம். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு ஏழைப் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்கிறது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பி. வி. சதீஷ் முன்பு தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 2023ஆம் ஆண்டு காலமானார். 1990களின் கடைசியில் அங்கே சில பெண்களுக்கு வீடியோ எடுக்கப் பழக்கினார்கள். வயல் வேலை செய்யும் தலித் பெண்கள், பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தங்கள் விதை, தங்கள் சிறுதானியம் பற்றியெல்லாம் தாங்களே படம் எடுத்தார்கள்.

அந்தப் பெண்கள் கமரா வைக்கும் உயரத்துக்குத் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் அது பட்டேல் ஷாட். ஊர்ப் பண்ணையார் மேலே இருந்து கூலியாளைப் பார்க்கிற பார்வை அது. கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் அது அடிமை ஷாட். பேசுபவரின் கண் மட்டத்துக்கு வைத்து எடுத்தால் அது சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள் அல்லவா, அதனால் அந்தப் பெயர்.

இதைக் கேட்டதும் எனக்கு அண்ணனின் வீடியோ ஞாபகம் வந்தது. மகள் மேல் பாத்தியில் நின்றாள். நமது நிலம் சரிவு நிலம், எடுப்பவர் வசதிக்கு மேட்டில்தான் நிற்கத் தோன்றும். நின்றால் வருவது பட்டேல் ஷாட். தலையும் முதுகும்தான் தெரியும். ஆகவே முகம் பேசும் இடத்தில் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். கை வேலை செய்யும் இடத்தில் அவருக்கு எதிரே போகாமல், அவர் தோளுக்குப் பக்கத்தில் போனை வைத்து, அவர் கண் எதைப் பார்க்கிறதோ அதையே காட்டுங்கள். எதிரே நின்று எடுத்தால் அவருடைய வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும், பார்ப்பவர் மனதுக்குள் அதைத் திருப்பிப் போட வேண்டும். தோள் பக்கமிருந்து எடுத்தால் தன் கையையே பார்ப்பது போல இருக்கும்.

இவ்வளவையும் வைத்து அண்ணனும் மகளும் அதே வேலையை மறுபடி எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழரை மணிக்கு. ஒன்பது நிமிடம் இரண்டே முக்கால் நிமிடமானது. ஏழே துண்டுகள்.

முதல் துண்டில் அண்ணன் லயச் சுவரின் மறைவில் நின்று, நீளமான ஒரு லீக்ஸைக் கையில் பிடித்து, தன் பெயரையும் லயத்தையும் சொல்கிறார். இரண்டாவதில் நாற்றும் பென்சிலும் பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவதில் வேரும் இலை நுனியும் வெட்டுவது. கறுப்புப் பொலித்தீன் விரித்து அதன் மேல் வெட்டினார்கள், வெள்ளை வேர் பளிச்சென்று தெரிந்தது. நான்காவதில் குழி குத்தும் கம்பு. ஆறு அங்குலத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார், நூல் மண்ணைத் தொடும்வரை கம்பு இறங்குகிறது. "ஆறு அங்குலம்" என்ற சொல் காதில் விழாவிட்டாலும் சிவப்பு நூல் கண்ணில் விழும். ஐந்தாவதில் நாற்றை இறக்குவது. ஆறாவதில் ஒரு சிறு டின்னால் தண்ணீர் ஊற்றுவது.

ஏழாவது துண்டு அந்தப் பொல்லாத இடம். இங்கே பதினைந்து விநாடி போன் அசையவே இல்லை. தண்ணீர் வடிந்த குழி திறந்து கிடக்கிறது. அண்ணனின் விரல் குழியின் விளிம்பைச் சுற்றி வருகிறது. கை ஒரு பிடி மண்ணை எடுக்கிறது, குழிக்கு மேல் வந்து நிற்கிறது, வேண்டாம் என்று ஆட்டிவிட்டு மண்ணை அப்பால் போடுகிறது. பக்கத்தில் மண் போட்டு மூடிய ஒரு குழி, அதன் மேல் இரண்டு குச்சி பெருக்கல் அடையாளமாகக் கிடக்கிறது. பேச்சையும் மாற்றினோம். "மூடாதீங்க" என்ற சொல்லே இப்போது இல்லை. "குழி திறந்தே இருக்கட்டும்" என்கிறார். இதில் எந்த எழுத்தைக் காற்று தின்றாலும் அது "மூடுங்க" ஆகாது. செய்யக் கூடாததைச் சொல்லும் இடத்திலெல்லாம், செய்ய வேண்டியது எது என்று திருப்பிச் சொல்லிவிடுங்கள்.

எடுத்து முடித்த பின் நாங்கள் இரண்டு சோதனை செய்தோம். சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு, லீக்ஸ் நட்டே இராத ஒரு பிள்ளைக்குக் காட்டினோம், என்ன புரிந்தது என்று கேட்டோம். பிறகு திரையைக் கவிழ்த்து வைத்து, சத்தத்தை மட்டும் இன்னொருவருக்குப் போட்டோம். இரண்டு பேரும் குழி திறந்திருக்க வேண்டும் என்றார்கள். தண்ணீர் ஊற்றும் அளவு மட்டும் சத்தம் இல்லாமல் புரியவில்லை. அந்த ஒரு துண்டைத் திரும்ப எடுத்தோம், டின் நிறைந்திருப்பதையும் பிறகு வெறுமையாகக் கவிழ்ப்பதையும் காட்டி.

இனி ஒன்றே ஒன்று, எப்படிப் போட்டுக் காட்டுவது என்பது. 2006ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள மைக்ரோசொப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் டிஜிட்டல் கிரீன் என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். முன்நின்றவர் ரிக்கின் காந்தி. கர்நாடகக் கிராமங்களில் அந்தந்த ஊர் விவசாயியையே வீடியோ எடுத்து, மாலையில் அயலவரைக் கூட்டி, ரிவியில் போட்டுக் காட்டினார்கள். பதின்மூன்று மாதம் நடத்திய பரிசோதனையின் முடிவை 2009இல் வெளியிட்டார்கள். ஆட்கள் மட்டும் வந்து சொல்லிக் கொடுப்பதைவிட, இந்த முறையில் சில விவசாய முறைகளைக் கைக்கொண்டவர்கள் ஆறேழு மடங்கு கூட என்று கண்டார்கள்.

ஆனால் கவனியுங்கள். அவர்கள் வீடியோவைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, முக்கியமான இடத்தில் நிறுத்துவார், என்ன விளங்கியது என்று கேட்பார், வேண்டுமானால் திரும்பப் போடுவார், யார் செய்து பார்த்தார்கள் என்று பிறகு விசாரிப்பார். வேலையைச் செய்தது மனிதர்கள்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். வீடியோவைப் பார்த்த விவசாயி முதலில் கேட்கும் கேள்வி, இந்த ஆள் யார், எந்த ஊர் என்பதுதானாம். நம்மைப் போல் ஒருவர் என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் கேட்பார்கள். அண்ணன் முதல் துண்டில் பெயரும் லயமும் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னது அதனால்தான்.

நாங்களும் அப்படியே செய்தோம். வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் வாசிகசாலையில் ஒரு மாலை போட்டோம். ஏழாவது துண்டில் நிறுத்தி, "இப்ப குழியை என்ன செய்யணும்?" என்று கேட்டோம். முதல் வரிசையில் இருந்த அந்த அக்காதான் பதில் சொன்னார். "தொறந்தே கெடக்கட்டும் ஐயா. எனக்கு இருநூறு நாத்து படிச்சுக் குடுத்த பாடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தன் நாற்றங்காலில் மிஞ்சியிருந்த நாற்றையெல்லாம் அக்காவுக்குக் கொடுத்து, அடுத்த நாள் தானே வந்து ஒரு வரிசை நட்டும் காட்டினார். அந்தப் பாத்தி இப்போது மண் அணைக்கும் பருவத்தில் நிற்கிறது. மேல் லயத்துப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

வீடியோவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மண்ணின் ஈரம் கையில் எப்படி இருக்க வேண்டும், நாற்று வேர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பதைத் திரையில் காட்ட முடியாது. அதற்கு அண்ணனின் பாத்திக்கே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். அதனால் வீடியோவின் முடிவில், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தால் பாத்தியைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு பேர் வீடியோ எடுப்பதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கூட்டெரு குவிப்பது, இன்னொருவர் கோவா நாற்றுமேடை. எடுத்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திப் பார்ப்போம், பிறகு திரையைக் கவிழ்த்துக் கேட்போம். இரண்டிலும் புரிந்தால் வாசிகசாலையில் போடலாம்.